படிப்பு முடிந்த பிறகும் மாணவர் விலை தொடருமா? டிசைன் சாஃப்ட்வேர் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் பனியன் பிரிண்டிங்குக்கு ஆர்ட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் வேலை. வருடா வருடம் மார்ச் வந்தால் கோவைக் கல்லூரிகளிலிருந்து கடைசி வருடப் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப்புக்கு வருவார்கள். ஏப்ரல் பாதியில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே வைத்திருக்கிறேன்.

"அண்ணா, கடைசி எக்ஸாம் எழுதின அன்னைக்கே ஸ்டூடண்ட் ரேட் போயிருமாங்க?"

பெரும்பாலும் போகாது. வருட ஒப்பந்தத்தில் வாங்கியிருந்தால் பல நிறுவனங்கள் நீங்கள் மாணவர்தானா என்று வாங்கும்போது ஒருமுறை பார்ப்பார்கள், அப்புறம் புதுப்பிக்கும்போது பார்ப்பார்கள். நடுவில் தேர்வு முடிந்தாலும் எடுத்த வருடம் அதே விலையில் ஓடி முடியும். ஆனால் சிலருடைய விதிமுறையில், மாணவர் என்ற தகுதி போனவுடன் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். உங்கள் நிறுவனம் இதில் எந்த ரகம் என்பதைத்தான் கடிதத்தில் முதலில் கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயம். "படிப்பு முடிவது" என்றால் எந்த நாள்? நம்மூரில் ஏப்ரல் கடைசியில் தேர்வு, ஜூனில் ரிசல்ட், அப்புறம் டிசி, தற்காலிகச் சான்றிதழ், பட்டமளிப்பு விழா அதற்கும் பல மாதம் கழித்து. வெளிநாட்டில் உட்கார்ந்து பதில் எழுதுகிறவருக்கு இந்த வரிசை தெரியாது. அதனால் கடிதத்தில் "நான் இந்த வருடம் முடிக்கிறேன்" என்று எழுதாமல் கடைசித் தேர்வு எந்தத் தேதி, கல்லூரி அடையாள அட்டை எந்தத் தேதி வரை செல்லும் என்று இரண்டையும் எழுதிவிடுங்கள்.

"ஸ்டூடண்ட் ரேட் தொடருமான்னு ஒரே வரியில மெயில் போட்டேன். ஏதோ சொல்லியிருக்காங்க, ஒண்ணும் புரியலைங்க."

அந்த ஒரு வரிக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன, அதனால்தான். இப்போது ஓடுகிற வருடத்துக்கு என்ன விலை, புதுப்பிக்கும்போது என்ன விலை, மாணவராக இருந்தபோது செய்த ஃபைல்களைக் காசு வாங்கும் வேலைக்குப் பயன்படுத்தலாமா. மூன்றுக்கும் பதில் வேறு வேறாக இருக்கலாம். பொதுவாகக் கேட்டால் "புதுப்பிக்கும் நேரத்தில் உள்ள தகுதியைப் பொறுத்தது" என்று ஒரு தயார் பதில் வரும். அது பொய் கிடையாது, ஆனால் அதை வைத்து நீங்கள் எந்த முடிவும் எடுக்க முடியாது. வந்த பதிலில் ஒரு தேதியும் ஒரு தொகையும் இல்லையென்றால் பதில் இன்னும் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு, அதே மெயிலின் கீழேயே மறுபடி கேளுங்கள். புது மெயில் போட்டால் வேறொருவர் கைக்குப் போய் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

"லெட்டர் எப்படி எழுதறதுன்னு ஒரு மாதிரி காட்டுங்களேன்."

பெருந்துறைப் பக்கத்துப் பெண் ஒருவர், ஆடை வடிவமைப்புப் படிப்பு, கோவையில் கல்லூரி. 2025 ஆகஸ்ட் 12 அன்று வருட ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருக்கிறார், பணம் மட்டும் மாதா மாதம் போகிறது. கடைசித் தேர்வு 2026 ஏப்ரல் 28. ரொம்ப மரியாதையாக இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார், குடும்பக் கஷ்டம் வரை அதில் இருந்தது. அதையெல்லாம் எடுத்துவிட்டு இப்படிச் சுருக்கினோம்:

> ஐயா/அம்மா,
>
> நான் உங்கள் மாணவர் திட்டத்தில் இருக்கிறேன். ஆர்டர் எண்ணும் கணக்கின் மின்னஞ்சல் முகவரியும் கீழே உள்ளன. திட்டம் 2025 ஆகஸ்ட் 12 அன்று புதுப்பிக்கப்பட்டது. வருட ஒப்பந்தம், மாதத் தவணை. என் கடைசித் தேர்வு 2026 ஏப்ரல் 28. கல்லூரி அடையாள அட்டை 2026 மே 31 வரை செல்லும்.
>
> நான்கு விவரங்கள் வேண்டும்.
>
> ஒன்று, 2026 ஆகஸ்ட் 11 வரை இப்போதைய விலையே இருக்குமா? தேர்வு முடிந்ததை நான் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டுமா?
>
> இரண்டு, ஆகஸ்ட் 12 அன்று தானாகப் புதுப்பிக்கப்பட்டால் மாதத்துக்கு வரியோடு எவ்வளவு எடுக்கப்படும்? அது வேண்டாம் என்றால் எந்தத் தேதிக்குள் நிறுத்த வேண்டும்?
>
> மூன்று, கல்லூரியில் இருக்கும் இப்போதே புதிதாக ஒரு வருட மாணவர் திட்டம் எடுத்தால், படிப்பு முடிந்த பிறகும் அந்த வருடம் முழுவதும் அது செல்லுமா? படிப்பு முடிப்பவர்களுக்கென்று வேறு சலுகை விலை இருக்கிறதா?
>
> நான்கு, மாணவர் திட்டத்தில் உருவாக்கிய ஃபைல்களை வேலைக்குச் சேர்ந்த பிறகு வணிக வேலைக்குப் பயன்படுத்தலாமா?
>
> உங்கள் விதிமுறையில் இவை எந்தப் பகுதியில் உள்ளன என்பதையும் குறிப்பிட்டால் உதவியாக இருக்கும்.

அவ்வளவுதான். கோவையில் இருக்கும் டீலரிடம் வாங்கியிருந்தால் இதையே தமிழில் அனுப்பலாம், அவர்கள் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். நேரடியாக வெளிநாட்டு நிறுவனத்திடம் வாங்கியிருந்தால் இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். இலக்கணம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, தேதிகள் சரியாக இருக்க வேண்டும். யாரிடம் வாங்கினோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. ரசீதை எடுத்து விற்றவர் பெயரைப் பாருங்கள். அங்கே இருப்பவருக்குத்தான் கடிதம் போக வேண்டும்.

"அந்த மூணாவது கேள்வி எதுக்குங்க? இன்னும் நாலு மாசம் பழைய பிளானே இருக்கே?"

பணம் அங்கேதான் இருக்கிறது, அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன். தொகைகள் எந்தக் கம்பெனியுடையதும் அல்ல, கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. மாணவர் விலை மாதம் 800 ரூபாய், சாதாரண விலை மாதம் 2,400 ரூபாய் என்று வையுங்கள்.

அந்தப் பெண் ஒன்றும் செய்யாமல் விட்டால், மே, ஜூன், ஜூலை மூன்று தவணை 800 வீதம் 2,400. ஆகஸ்ட் 12 முதல் சாதாரண விலை. அடுத்த ஏப்ரல் பாதி வரை எட்டு தவணை 2,400 வீதம் 19,200. ஆக மொத்தம் ஒரு வருடத்துக்கு 21,600.

இப்போது வேறு வழி. ஏப்ரல் 20 அன்று, இன்னும் மாணவியாக இருக்கும்போதே, பழைய ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டுப் புதிதாக ஒரு வருட மாணவர் திட்டம் எடுக்கிறார். பாதியில் நிறுத்துவதால் மீதித் தவணையில் பாதியைக் கட்ட வேண்டும் என்ற விதி இருந்தால், மூன்று தவணை 2,400, அதில் பாதி 1,200. புதுத் திட்டம் 800 வீதம் பன்னிரண்டு மாதம் 9,600. மொத்தம் 10,800. நேர் பாதி.

முதல் சம்பளம் பதினைந்தாயிரமோ பதினெட்டாயிரமோ என்று திருப்பூரில் சேருகிற பிள்ளைக்கு இந்த 10,800 சின்னக் காசு கிடையாது. ஆனால் நிறுவனம் எழுத்தில் "செல்லும்" என்று சொல்லாமல் இதைச் செய்யாதீர்கள். தகுதி போனவுடன் திட்டமும் முடியும் என்று விதி வைத்திருக்கும் இடத்தில் 1,200 ரூபாய் தண்டம் கட்டியதுதான் மிச்சமாகும். அதோடு முதல் வருட அறிமுக விலை புதியவர்களுக்கு மட்டும்தான் என்று பல இடங்களில் இருக்கும், அதனால் விளம்பரத்தில் தெரியும் விலையை வைத்துக் கணக்குப் போடாமல் உங்கள் கணக்கில் உள்ளே போய்த் தெரியும் விலையை வைத்துப் போடுங்கள். காட்டும் விலை வரி சேர்த்ததா என்றும் பாருங்கள். சாஃப்ட்வேருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 2,400 என்பது 2,832 ஆகிவிடும்.

"மாசாமாசம் தானே கட்டறேன், வேண்டாம்னா நிறுத்திக்கலாம்ல?"

இங்கேதான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். மாதத் திட்டம் வேறு, மாதத் தவணையில் கட்டும் வருடத் திட்டம் வேறு. இரண்டாவது ரகத்தில் நீங்கள் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டவர். அடோபி நிறுவனத்தின் விதி தெரிந்த உதாரணம்: வாங்கி 14 நாட்களுக்குள் நிறுத்தினால் முழுப் பணமும் திரும்பும், அதற்குப் பிறகு மீதித் தவணைகளில் பாதி கட்டணமாக எடுக்கப்படும். இந்தக் கட்டணத்தை வாங்குபவர் கண்ணில் படும்படி சொல்லவில்லை என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசே அவர்கள் மேல் வழக்குப் போட்டது. படித்த வெள்ளைக்காரர்களுக்கே புரியவில்லை என்றால் நமக்குப் புரியாததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உங்கள் கணக்குப் பக்கத்தில் திட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் வருடம் என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

"கார்டுல ஆட்டோ டெபிட்டை ஆஃப் பண்ணீட்டா முடிஞ்சுதுங்களே?"

முடியாது. பணம் போவது நிற்கும், ஒப்பந்தம் நிற்காது. பாக்கி உங்கள் பெயரில் நிற்கும், கணக்கும் பூட்டப்படலாம். முதலில் நிறுவனத்தின் பக்கத்தில் திட்டத்தை ரத்து செய்து, ரத்தானதற்கு மெயில் வந்த பிறகுதான் வங்கிப் பக்கம் போக வேண்டும்.

வங்கி விதி ஒன்று உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாக எடுக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னாலேயே தகவல் வர வேண்டும். ஆனால் 15,000 ரூபாய் வரைக்கும் ஓடிபி கேட்க மாட்டார்கள். 800 ரூபாய் 2,400 ஆனாலும் அந்த வரம்புக்குள்தான், ஆகவே அந்தத் தகவலைக் கவனிக்காமல் விட்டால் சத்தமில்லாமல் போகும்.

எனக்கே நடந்தது. நான் படிப்பு முடித்து இரண்டு மாதம் கழித்து, பெயர் எதற்கு, ஒரு நிறுவனம், முழு விலையில் புதுப்பித்துப் பணத்தை எடுத்துக்கொண்டது. முன்னறிவிப்பு மெயில் வந்திருக்கிறது, ஆனால் கல்லூரி முகவரிக்கு. அந்த முகவரியைக் கல்லூரி அதற்கு முந்தைய வாரம் மூடியிருந்தது. நான் அப்போது பல்லடம் ரோட்டில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் ஃபிலிம் போட்டுக்கொண்டிருந்தேன், வங்கி எஸ்எம்எஸ் பார்த்தபோது ஆறு நாள் ஆகிவிட்டது. 14 நாள் விதி இருந்ததால் பிழைத்தேன்.

"அப்போ காலேஜ் மெயில் ஐடியை என்ன பண்றதுங்க?"

கல்லூரி முகவரியை மாணவர் என்று நிரூபிக்க மட்டும் வைத்துக்கொண்டு, கணக்கைச் சொந்த முகவரிக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும்போது பழைய முகவரிக்கும் உறுதிப்படுத்தும் மெயில் போகலாம், அதனால் அது உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும். கல்லூரியே மொத்தமாக வாங்கிக் கொடுத்த லைசென்ஸ் என்றால் கதை வேறு. அந்தக் கணக்கு உங்களுடையது அல்ல, கல்லூரியுடையது. அதில் விலை தொடருமா என்ற கேள்வியே எழாது, கிளவுடில் இருக்கும் ஃபைல்களை இறக்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

"ஸ்டூடண்ட் வெர்ஷன்ல போட்ட டிசைனை கம்பெனிக்குக் குடுத்தா பிரச்சனை வருமா?"

எந்தச் சாஃப்ட்வேர் என்பதைப் பொறுத்தது, இதில் நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிய வித்தியாசம். நம் பக்கத்து மூன்று தொழிலை வைத்துச் சொல்கிறேன்.

பனியன் பிரிண்டுக்கு அடோபி மாணவர் திட்டத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால், அவர்கள் மாணவர் திட்டத்திலேயே வணிக வேலைக்கும் அனுமதி தருகிறார்கள். கோவையில் நகை டிசைனுக்கு ரைனோ பழகுகிறீர்கள் என்றால் இன்னும் நல்லது. அந்த மாணவர் லைசென்ஸ் ஒருமுறை வாங்கினால் காலாவதி ஆகாது, படிப்பு முடிந்த பிறகு காசு வாங்கும் வேலைக்கும் பயன்படுத்தலாம்.

பம்பு, மோட்டார் வரைபடம் போடும் மெக்கானிக்கல் பிள்ளைகள்தான் கவனமாக இருக்க வேண்டும். ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்குத் தரும் இலவச அணுகல் படிப்பதற்கு மட்டும்தான், ஒவ்வொரு வருடமும் தகுதியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், தொழில் வேலைக்கு அதைத் தொடக்கூடாது. இலவசம் என்பதால் "மாணவர் விலை தொடருமா" என்று அவர்களிடம் கேட்பதற்கே ஒன்றுமில்லை, படிப்பு முடிந்தால் அது முடிந்தது. பழைய ஆட்டோகேட் பதிப்புகளில் மாணவர் பதிப்பில் செய்த ஒரு பிளாக்கை கம்பெனி வரைபடத்தில் ஒட்டினாலே, பிரிண்ட் எடுக்கும்போது தாளின் நான்கு ஓரத்திலும் மாணவர் பதிப்பு என்று முத்திரை விழும். ஒரே ஒரு வால்வு சின்னத்தை ஒட்டி மொத்த வரைபடமும் போன கதைகள் அவிநாசி சாலைப் பட்டறைகளில் நிறைய உண்டு.

"படிச்சு முடிச்சவங்களுக்குன்னு தனி ரேட் குடுப்பாங்களா?"

சில இடங்களில் உண்டு. டிசைன் சாஃப்ட்வேர் இல்லை என்றாலும் புரோகிராம் எழுதும் கருவிகள் விற்கும் ஜெட்பிரெய்ன்ஸ் நல்ல உதாரணம், மாணவராக அவர்கள் கருவியை வைத்திருந்தவர் படிப்பு முடித்தால் 40 சதவீதம் தள்ளுபடி என்று வெளிப்படையாகவே போட்டிருக்கிறார்கள். இப்படிப் போடாத நிறுவனங்களிலும், ரத்து செய்யப் போனால் திரையில் இரண்டு மாதம் இலவசம், குறைந்த விலை என்று ஏதாவது நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதை நம்பி இருக்க முடியாது, கேட்பதில் நஷ்டமும் இல்லை. அதனால்தான் கடிதத்தில் அரை வரி அதற்கு.

"முழு ரேட் கட்ட முடியாதுங்க அண்ணா. வேற வழி?"

முதலில், வேலைக்குச் சேரும் இடத்தில் லைசென்ஸ் தருவார்களா என்று கேளுங்கள். பையருக்கு வேலை செய்யும் ஒழுங்கான கம்பெனி என்றால் அவர்கள் கம்ப்யூட்டரில் அவர்கள் லைசென்ஸ்தான் இருக்க வேண்டும், உங்கள் சொந்தக் கணக்கைப் போட்டு வேலை வாங்குவது சரியல்ல. பாதிப் பேருக்கு இதோடு பிரச்சனை தீர்ந்துவிடும்.

வீட்டிலிருந்து ஜாப் ஒர்க் எடுப்பவர்களுக்கு இங்க்ஸ்கேப் இருக்கிறது, இலவசம், லோகோவும் மார்பு பிரிண்ட்டும் போட அது போதும். ஆனால் திட்டம் முடிவதற்கு முன்னால் ஒரு வேலை செய்ய வேண்டும். உங்கள் `.ai` ஃபைல்களைச் சேமிக்கும்போது `Create PDF Compatible File` என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா பாருங்கள். டிக் இருந்தால் இங்க்ஸ்கேப்பில் திறக்கும், இல்லையென்றால் திறக்காது. திட்டம் முடிந்த பிறகு ஃபைல் உங்கள் ஹார்ட் டிஸ்கிலேயே இருக்கும், திறக்கத்தான் ஆள் இருக்காது. எழுத்துகளை அவுட்லைன் ஆக்கி ஒரு பிரதி, `SVG` ஆக ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

கலர் செப்பரேஷன் செய்பவர்களுக்கு மட்டும் இந்த ஆறுதலைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டு கலர் ஸ்க்ரீனுக்கு ஸ்பாட் சேனல் பிரித்துப் பழகியவர்கள் ஃபோட்டோஷாப்பை விட்டு வெளியே வந்தால் கை கட்டின மாதிரி இருக்கும். அவர்கள் மேலே சொன்ன கணக்கைப் போட்டு, மூன்றாவது கேள்விக்குப் பதில் வாங்குவதில்தான் குறியாக இருக்க வேண்டும்.

"ஃபோன்ல கேட்டேன், ஒரு வருஷம் ஓடும்னு சொன்னாங்க. போதும்ங்களா?"

போதாது. ஃபோனில் பேசியவரிடமே "இதை மெயிலில் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். அனுப்பவில்லை என்றால் நீங்களே ஒரு மெயில் போடுங்கள்: இன்ன தேதி, இன்ன நேரம் பேசினேன், இப்படிச் சொன்னீர்கள், தவறு இருந்தால் திருத்துங்கள். சாட்டில் பேசினால் ஜன்னலை மூடும் முன் முழுவதையும் சேமித்துவிடுங்கள், டிக்கெட் எண் தெரியும்படி.

"எப்போ அனுப்பறதுங்க, எத்தனை நாள் காத்திருக்கறது?"

கடைசித் தேர்வுக்கு ஆறு வாரம் முன்னால். ஏப்ரல் 28 தேர்வு என்றால் மார்ச் பாதியில் போக வேண்டும். பத்து நாள் பார்த்துவிட்டு அதே மெயிலில் நினைவூட்டல், அப்புறம் சாட். அந்தப் பெருந்துறைப் பெண்ணுக்கு முதல் பதில் தயார் பதிலாகத்தான் வந்தது. தேதிகளை மட்டும் திரும்ப எழுதி மறுபடி கேட்டார். இரண்டாவது பதிலில் ஆகஸ்ட் 11 வரை விலை மாறாது, புதிதாக எடுத்தால் அந்த வருடம் முழுவதும் செல்லும் என்று வந்தது. ஏப்ரல் 20 திங்கட்கிழமை, ஹாஸ்டலில் இருந்தபடியே பழையதை நிறுத்திப் புதியதை எடுத்தார், இந்த முறை சொந்த மெயில் முகவரியில்.